ஆடும் புலியும்: இரண்டு பலகைகள், இரண்டு சுபாவங்கள்

தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தளத்திலும், ஊர்ப்புறத்துப் பாறைகளிலும், திண்ணைகளிலும் உளியால் செதுக்கியோ சுண்ணாம்பால் கீறியோ வைத்திருக்கும் முக்கோணக் கட்டத்தைப் பார்த்தவுடன் ஆடுபுலி ஆட்டம் என்று சொல்லிவிடும் நம்மில் பலருக்கு, நேபாள தேசத்தில் ஏறத்தாழ இதே ஆட்டத்தை வேறொரு கட்டத்தின்மேல் பாக்சால் என்ற பெயரில் ஆடி வருகிறார்கள் என்பது தெரியாது. தெரிந்தவர்களும், அங்கே நான்கு புலிக்கு இருபது ஆடு, இங்கே மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு, இரண்டிலும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு என்ற விகிதம் மாறவில்லையே என்று கணக்குப் பார்த்து, ஒரே ஆட்டத்தின் சிறிய உருவமும் பெரிய உருவமுமே இவை என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். இரண்டையும் நெடுநாள் ஆடிப் பழகியவன் என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. விதிகள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அந்த விதிகள் நடமாடும் கோடுகள் வேறு. கோடுகள் வேறானதால், ஒன்றில் சிறந்து விளங்குகிற மனிதர் மற்றொன்றில் தடுமாறுவதும், ஒன்றை அலுப்பென்று தள்ளியவர் மற்றொன்றை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் சகஜமாக நிகழ்கின்றன. ஆகையால் எந்தச் சுபாவம் உடையவர் எந்தப் பலகையின் முன் உட்கார வேண்டும் என்பதைச் சற்று விஸ்தாரமாகவே ஆராய்ந்து பார்ப்பது பிரயோஜனமுள்ள காரியம் என்று நினைக்கிறேன்.

பொதுவான விதிகளை முதலில் சொல்லிவிடலாம். இருவர் ஆடும் ஆட்டம் இது. ஒருவர் புலிக்காரர், மற்றவர் ஆட்டுக்காரர். ஆட்டுக்காரர் தம் முறை வரும்போதெல்லாம் ஓர் ஆட்டைக் கையிலிருந்து எடுத்து, காலியான ஏதாவதொரு புள்ளியில் வைக்கிறார். கையிலுள்ள ஆடுகள் அனைத்தும் பலகையேறித் தீரும்வரையில், முன்னே வைத்த ஓர் ஆட்டையும் அவர் நகர்த்தக் கூடாது. புலியோ தன் முறையில் கோட்டின் வழியே அடுத்த காலிப் புள்ளிக்கு நகரலாம். அல்லது அடுத்த புள்ளியில் ஓர் ஆடு நின்று, அதே நேர்க்கோட்டில் அதற்கு அப்பாலுள்ள புள்ளி காலியாகவும் இருந்தால், அதைத் தாண்டிக் குதித்து அந்த ஆட்டை வெட்டலாம். ஒரு முறைக்கு ஓர் ஆடுதான். இரண்டு ஆடுகளைச் சேர்த்துத் தாண்டுவதற்கில்லை. ஆடுகள் எல்லாம் பலகையேறிய பிறகு, அவையும் ஒவ்வொரு புள்ளியாக நகரத் தொடங்கும். நகரவும் தாண்டவும் வழியில்லாமல் எல்லாப் புலிகளையும் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு ஜெயம். அதற்குப் போதிய ஆடுகள் இல்லாதபடி வெட்டித் தீர்த்துவிட்டால் புலிக்காரருக்கு ஜெயம். எத்தனை ஆடு வெட்டினால் ஜெயம் என்பதில் பாக்சாலில் ஐந்து என்ற கணக்கு பெரும்பாலும் வழங்குகிறது. நம் ஆட்டத்தில் அது ஊருக்கு ஊர் மாறுவதால், காயைத் தொடுமுன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இனிக் கட்டங்களைப் பார்ப்போம். நம்முடைய கட்டத்தில் உச்சிப்புள்ளி ஒன்று. அதிலிருந்து நான்கு கால்கள் கீழ்நோக்கி விரிந்து இறங்குகின்றன. அந்த நான்கு கால்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு மூன்று கோடுகள் செல்கின்றன, அவை இருபுறமும் கால்களுக்கு வெளியே நீண்டு, அந்த வெளிமுனைகள் பக்கத்துக்கு ஒரு நெடுங்கோட்டால் இணைக்கப்பட்டிருக்கின்றன. கால்கள் நான்கும் முடிகிற இடத்தில் அடிக்கோடு. எண்ணிப் பார்த்தால் உச்சி ஒன்று, மூன்று குறுக்கு வரிசைகளிலும் வரிசைக்கு ஆறாகப் பதினெட்டு, அடிவரிசையில் நான்கு, ஆக 23 புள்ளிகள். பாக்சால் கட்டமோ ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளிகள் கொண்ட சதுரம். நெடுக்கும் குறுக்குமான கோடுகளோடு, ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியில் மூலைவிட்டக் கோடுகளும் ஓடுகின்றன. நான்கு புலிகளும் தொடக்கத்திலேயே நான்கு மூலைகளில் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்சாலில் ஓர் ஆடும் வெட்டுப்படாமல் இருபதும் பலகையேறிவிட்டால், நான்கு புலியும் சேர்ந்து 24 புள்ளிகள் நிரம்பிவிடுகின்றன. மிச்சம் ஒரே ஒரு காலிப் புள்ளி. நம் ஆட்டத்தில் பதினைந்தும் ஏறிய பிறகு 18 புள்ளிகள் நிரம்புகின்றன; மிச்சம் ஐந்து. விகிதம் ஒன்றாக இருக்கிறதே என்று மயங்கியவர்கள் பார்க்கத் தவறியது இந்த மிச்சத்தைத்தான். காலியிடம் ஒன்றே ஒன்று என்றால், ஆடுகளை வைத்து முடிக்கும்போதே ஆட்டத்தின் விதி ஏறக்குறைய எழுதியாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு நகர்த்தல் என்ற பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. காலியிடம் ஐந்து என்றால், வைத்து முடிப்பது முன்னுரைதான். புலிகளை ஓட்டி, ஒதுக்கி, வழியடைத்து, வளைத்துப் பிடிக்கும் நீண்ட வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது. முதலிலேயே யாவற்றையும் தீர யோசித்து வைத்துவிட வேண்டும் என்ற மனப்பான்மை உடையவரும், போகப்போகச் சரிசெய்துகொண்டு முன்னேறுவதில் இன்பம் காண்கிறவரும் இந்த இடத்திலேயே பிரிந்து போகிறார்கள்.

இதைவிட நுட்பமான வித்தியாசம் ஒன்று கோடுகளின் சேர்க்கையில் இருக்கிறது. ஓர் ஆடு எந்தப் புள்ளியில் நின்றால் அதற்கு எத்தனை கோடுகளின் வழியே அபாயம் வரும் என்பதே அந்த வித்தியாசம். ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமானால் அதன் ஒருபுறம் புலியும், அதே நேர்க்கோட்டில் மறுபுறம் காலிப் புள்ளியும் இருக்க வேண்டும் அல்லவா? ஆகையால் கோடு முடிகிற முனையில் நிற்கும் ஆட்டை அந்தக் கோட்டின் வழியே யாரும் வெட்ட முடியாது. இந்தக் கண்ணோட்டத்துடன் நம் கட்டத்தைப் பார்த்தால், உச்சி, முதல் குறுக்கு வரிசையின் இரு வெளிமுனைகள், மூன்றாம் குறுக்கு வரிசையின் இரு வெளிமுனைகள், அடிவரிசையின் இரு முனைகள் ஆகிய ஏழு புள்ளிகளில் நிற்கும் ஆட்டுக்கு எந்தக் காலத்திலும் அபாயமே இல்லை என்பது தெரியும். மற்றப் புள்ளிகளில், நான்கில் ஒரே ஒரு கோட்டின் வழியாகவும், பன்னிரண்டில் இரண்டு கோடுகளின் வழியாகவும் அபாயம் வரலாம். இரண்டுக்கு மேற்பட்ட கோடுகள் அபாயம் தரும் புள்ளி நம் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

பாக்சாலில் நிலைமை வேறு. என்றைக்கும் அபாயமில்லாத புள்ளிகள் அங்கே நான்கு மூலைகள் மட்டுமே. அந்த நான்கிலும் புலிகளே முதலில் குந்தியிருக்கின்றன. மூலை நீங்கலான விளிம்புப் புள்ளிகள் பன்னிரண்டிலும் விளிம்போடு ஓடும் ஒரே கோட்டின் வழியாக அபாயம். உள்ளேயுள்ள ஒன்பதில் நான்குக்கு இரண்டு கோடுகள். மூலைவிட்டங்கள் சந்திக்கும் மற்ற ஐந்துக்கோ நெடுக்கு, குறுக்கு, இரு மூலைவிட்டங்கள் என நான்கு கோடுகளின் வழியாகவும் அபாயம். அந்த ஐந்தில் ஒன்றில் ஆட்டை வைக்கிறவர் நான்கு திக்குகளையும் அடைத்தாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் புலி அதைக் கண்டுகொள்ளும்.

சுத்தமான சித்தாந்தமாக நிற்காமல், இரண்டு பலகைகளிலும் ஆட்டுக்காரர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதைக் காய் வைத்தே பார்த்துவிடுவோம். நம் ஆட்டத்தில் புலிகள் மேலே, உச்சியிலும் அதையொட்டிய புள்ளிகளிலும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்காரர் அடிவரிசையின் இரு முனைகளிலும் முதலில் ஆடு வைக்கிறார். அவை என்றும் க்ஷேமமானவை. பிறகு அடிவரிசையின் நடு இரண்டிலும் வைக்கிறார். அந்த ஆடுகளைப் பக்கவாட்டில்தான் தாண்ட முடியும், தாண்டி இறங்க வேண்டிய முனையில் முன்பே ஆடு நிற்பதால் அவையும் க்ஷேமம். அடுத்து மூன்றாம் குறுக்கு வரிசையின் வெளிமுனைகள் இரண்டு. அதன்பின் அவற்றை ஒட்டிய புள்ளிகள் இரண்டு. அதன்பின் நடு இரண்டு. இவ்வரிசையிலுள்ள எந்த ஆட்டையும் மேலிருந்து கீழாகத் தாண்டினால் இறங்குமிடத்தில் அடிவரிசை ஆடு நிற்கிறது. பக்கவாட்டில் தாண்டினாலும் இறங்குமிடத்தில் ஆடு நிற்கிறது. ஆகப் பத்து ஆடுகள், ஒன்றுகூட வெட்டுப்பட வழியில்லாமல், கீழே மதிலாக எழும்பிவிட்டன. மிச்சமுள்ள ஐந்தையும் இரண்டாம் குறுக்கு வரிசையில் வெளிமுனைகளிலிருந்து உள்நோக்கி இதே கிரமத்தில் வைத்தால், பதினைந்து ஆடும் நஷ்டமின்றிப் பலகையேறிவிடும். மூன்று புலிகளும் மேலே எட்டுப் புள்ளிகளுக்குள் ஒடுங்கி நிற்கும்.

இது இவ்வளவு சுலபமானால் புலிக்காரர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். புலிக்காரர் விஷயம் தெரிந்தவரானால் மேலே உலாவிக்கொண்டு காலம் கழிக்க மாட்டார். மதில் எழுவதற்கு முன்பே ஒரு புலியைக் கீழே இறக்கி, அடிவரிசையின் நடுப்புள்ளி ஒன்றிலோ மூன்றாம் வரிசையின் உட்புள்ளி ஒன்றிலோ கொண்டுபோய் உட்கார வைப்பார். அங்கே ஒரு புலி இருந்துவிட்டால், கிரமமாக எழும்ப வேண்டிய மதிலில் ஓட்டை விழுந்துவிடுகிறது. இறங்குமிடத்தை அடைத்துக் காவல் செய்ய வேண்டிய புள்ளியே புலியின் ஸ்தானமாகிவிடுகிறது. ஆனால் அதற்கு அவர் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. அடிவரிசையின் இடப்பக்கத்து நடுப்புள்ளியில் உட்கார்ந்த புலியை எண்ணிப் பாருங்கள்: அதன் இருபுறமும் ஓரோர் ஆடு, தலைக்கு மேல் ஓர் ஆடு, மேலே நிற்கும் ஆட்டுக்குப் பின்னால் ஒன்று, வலப்பக்கத்து ஆட்டுக்குப் பின்னால் ஒன்று, ஆக ஐந்து ஆடுகள் வந்து நின்றால் அந்தப் புலி அடைபட்டது. இடப்பக்கத்து ஆடு முனையில் நிற்பதால் அதற்குப் பின்காவலே தேவையில்லை. மூலையிலோ நிலைமை இன்னும் மோசம். அடிவரிசை முனையில் போய் மாட்டிக்கொண்ட புலிக்கு நான்கே ஆடு போதும். அதே புலி உச்சியிலோ இரண்டாம் வரிசையின் உட்கால்களிலோ நின்றால் அதை அடைக்க எட்டுப் புள்ளிகள் நிரம்ப வேண்டும். ஆகவே நம் ஆட்டத்தில் புலிக்காரரின் சாமர்த்தியம் முழுவதும், எப்போது கீழே இறங்குவது, எப்போது அங்கிருந்து எழுந்து வருவது என்ற காலநிர்ணயத்தில் அடங்கியிருக்கிறது. இறங்காதவருக்கு வேட்டை கிடைக்காது. இறங்கிய இடத்திலேயே தங்கியவர் திரும்ப மாட்டார்.

மூன்று புலிகளில் ஒன்று அடைபட்டுவிட்டால் ஆட்டம் முடிந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அடைபட்ட புலியைச் சுற்றி நிற்கிற ஐந்து ஆடுகளும் அந்த வேலையிலேயே கட்டுண்டு கிடக்கின்றன; மிச்சமுள்ள பத்து ஆடுகளைக் கொண்டே மற்ற இரு புலிகளைச் சமாளிக்க வேண்டும். தேர்ந்த புலிக்காரர் சிலர் இந்தக் கணக்கை அறிந்தே ஒரு புலியைப் பணயம் வைத்து, காவல் ஆடுகளில் ஒன்றைப் பின்னாலிருந்து மற்றொரு புலியால் வெட்டிச் சிறைமீட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வெட்டுக்காக அவர்கள் காட்டுகிற பொறுமை இந்த ஆட்டத்தின் தனி அழகு என்பது என் அபிப்பிராயம்.

பாக்சாலுக்கு வருவோம். முதல் ஆட்டை எங்கே வைப்பது என்ற கேள்வியே அங்கே ஆட்டுக்காரரைத் திணற வைக்கும். மூலைகள் நான்கு போக 21 புள்ளிகள் காலியாக இருக்கின்றன. அவற்றில் மூலையை ஒட்டிய விளிம்புப் புள்ளிகள் எட்டும், மூலைக்கு மூலைவிட்டத்தில் அடுத்துள்ள உட்புள்ளிகள் நான்குமாகப் பன்னிரண்டில் எதில் வைத்தாலும், அடுத்த முறையே மூலைப்புலி அதைத் தாண்டி வெட்டிவிடும். மிச்சம் ஒன்பது: விளிம்புகளின் நடுப்புள்ளிகள் நான்கு, அவற்றுக்கு நேரே ஒரு படி உள்ளே நான்கு, மையம் ஒன்று. இந்த உட்படி நான்கில் வைப்பவருக்கும் தப்ப வழியில்லை. பக்கத்து மூலைப்புலி மூலைவிட்டத்தில் ஒரு படி இறங்கி அந்த ஆட்டின் பக்கத்தில் வந்து நின்றால், இறங்குமிடத்தை அடைக்க ஆட்டுக்காரர் மறுபுறத்தில் ஓர் ஆட்டை வைத்தாக வேண்டும்; ஆனால் அந்தப் புள்ளியோ அந்தப் பக்கத்து மூலைப் புலிக்கு அடுத்தது, அதற்கு அப்பால் மையம் காலி; அந்தப் புலி புதிதாக வந்த ஆட்டை வெட்டிக்கொண்டு மையத்தில் வந்து குதிக்கும். அடைத்தாலும் ஓர் ஆடு நஷ்டம், அடைக்காவிட்டாலும் ஓர் ஆடு நஷ்டம்.

மையத்தில் வைப்பவர் உடனே எதையும் இழப்பதில்லை; ஆனால் அங்கே நான்கு கோடுகளின் வழியாகவும் அபாயம் வருமாதலால், ஒவ்வொரு புலியாக நெருங்க நெருங்க ஒவ்வொரு திக்காக அடைத்துக்கொண்டே போக வேண்டியவராகிறார். விளிம்பின் நடுவில் வைப்பதே நிதானமான தொடக்கம். மேல்விளிம்பின் ஐந்து புள்ளிகளை இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றிலும் ஐந்திலும் புலிகள், மூன்றில் நம் முதல் ஆடு. இடமூலைப் புலி இரண்டுக்கு நகர்ந்து, மூன்றைத் தாண்டி நான்கில் குதிக்கப் பார்க்கிறது. ஆட்டுக்காரர் நான்கில் ஆடு வைக்கிறார். வலமூலைப் புலி இந்த நான்காம் ஆட்டைத் தாண்டலாமா என்றால், இறங்க வேண்டிய மூன்றில் ஆடு நிற்கிறது, முடியாது. இரண்டு ஆடுகளும் ஒன்றுக்கொன்று காவலாகி, அந்த விளிம்பில் அசைக்க முடியாதவையாயின. அது மட்டுமல்ல, இடமூலைப் புலி வீட்டை விட்டு வெளியே வந்ததால் மூலை காலியாயிற்று. புலிக்காரர் வேறு புலியை நகர்த்தினால், ஆட்டுக்காரர் அந்த மூலையில் மூன்றாம் ஆட்டை வைக்கிறார். மூலை ஆடு என்றும் க்ஷேமமானது. இரண்டாம் புள்ளியில் மூலைவிட்டக் கோடு கிடையாது. ஆகவே அங்கே நிற்கும் புலிக்கு இருபுறமும் அடைபட்டு, நேர் கீழே ஒரே ஒரு வழிதான் மிஞ்சுகிறது. மூன்றே ஆடுகளில் ஒரு புலி பாதி சிறைப்பட்டது!

இந்த உதாரணத்திலிருந்து தேர்ந்த புலிக்காரர் கற்றுக்கொள்ளும் பாடம், மூலையைக் காரணமின்றி விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது. அப்படியானால் நான்கு மூலைகளிலுமே உட்கார்ந்திருக்கலாமே என்றால், அங்கேயும் ஆபத்து இருக்கிறது. மூலைப்புலியை அடைக்க, அதை ஒட்டி மூன்று ஆடும் அவற்றின் பின்னால் மூன்று ஆடுமாக ஆறு வேண்டும். ஆனால் பின்காவல் நிற்கும் ஆடுகள் பக்கத்து மூலைக்கும் சேர்த்துக் காவல் செய்வதால், நான்கு மூலைகளையும் அடைக்க 24 ஆடுகள் வேண்டியதில்லை, 17 போதும். அதாவது மூன்று ஆடுகளை இழந்த ஆட்டுக்காரர்கூட, புலிகளை மூலைகளுக்குத் திருப்பியனுப்ப முடிந்தால் ஜெயித்துவிடலாம். மையத்திலுள்ள புலியை அடைக்கவோ சுற்றி எட்டும் அவற்றுக்குப் பின்னால் எட்டுமாகப் பதினாறு புள்ளிகள் நிரம்ப வேண்டும். மையம் புலிக்குப் பலம், மூலை புலிக்கு இளைப்பாறுமிடம். இவ்விரண்டுக்குமிடையே புலிக்காரரின் மனம் ஊசலாடிக்கொண்டேயிருக்கும்.

பாக்சால் புலிக்கு நம் புலியிடம் இல்லாத ஓர் ஆயுதமும் உண்டு. எட்டுத் திக்குகளில் கோடுகள் ஓடும் புள்ளியில் நிற்கும் புலி, ஒரே சமயத்தில் இரண்டு ஆடுகளைக் குறிவைக்க முடியும். ஆட்டுக்காரருக்கோ ஒரு முறைக்கு ஓர் ஆடுதான் வைக்க உரிமை. ஒன்றைக் காத்தால் மற்றொன்று போகும். நம் கட்டத்தில் எந்தப் புள்ளியிலிருந்தும் நான்கு கோடுகளுக்கு மேல் புறப்படுவதில்லையாதலால், இந்த இரட்டைக் குறி அதில் அரிதாகவே வாய்க்கிறது. ஆகவே பாக்சாலில் ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டை வைக்குமுன்பும், இப்போது எந்தப் புலி எதை வெட்டும் என்று மட்டும் பார்த்தால் போதாது. இதற்கடுத்த நகர்வில் எந்தப் புலி எந்த இரண்டைக் குறிவைக்கும் என்றும் பார்த்தாக வேண்டும்.

இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் முடிவு என்ன என்ற கேள்வியைப் பாக்சாலைப் பற்றி விஞ்ஞான முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் யூ ஜின்னும் சுவிட்சர்லாந்தின் யூர்க் நீவர்கெல்ட்டும் கணிப்பொறியின் துணைகொண்டு அந்த ஆட்டத்தைத் துருவி ஆராய்ந்து, 2009இல் வெளியான ஒரு தொகுப்பில், பிழையற்ற ஆட்டம் சமநிலையிலேயே முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். இது கேட்பதற்குச் சப்பென்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டுக்காரர் புலிக்காரரைவிடப் பலவீனமானவர் என்று புதிதாக ஆடுகிறவர்கள் நினைக்கிறார்களே, அது பலகையின் குற்றமல்ல, பயிற்சியின் குறை என்பதற்கு இது அத்தாட்சி. இருபது ஆடுகளையும் பிழையின்றி வைக்கத் தெரிந்தவரைப் புலியால் வெல்ல முடியாது. ஆனால் அப்படி வைப்பது மனிதருக்கு எளிதல்ல என்பதால்தான் ஆட்டம் உயிருடன் இருக்கிறது.

இனி யாருக்கு எது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. சதுரங்கம் ஆடிப் பழகியவர், இரண்டு மூன்று நகர்வுகளை முன்கூட்டியே மனத்தில் ஓட்டிப் பார்க்கும் வழக்கமுடையவர், ஒரு பிழைக்கு ஒரு தண்டனை என்ற கண்டிப்பை விரும்புகிறவர் பாக்சாலின் முன் உட்காரட்டும்; அதிலும் ஆட்டுக்காரராகவே உட்காரட்டும். புலியைக் கையிலெடுத்தால் முதல் சில நாட்களில் ஜெயம் எளிதாகக் கிடைத்து, ஆட்டத்தின் ஆழம் கண்ணில் படாமலே போய்விடும். வேட்டையில் விருப்பமுள்ளவர், பாய்ச்சலும் திடீர்த் தாக்குதலும் வேண்டுமென்கிறவர் பாக்சாலின் புலியை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஆடு என்ற தெளிவான இலக்கும், இரட்டைக் குறியும் அவருடைய சுபாவத்துக்குத் தீனி போடும்.

காய்களை நகர்த்திச் சரிசெய்து, மறுபடி நகர்த்தி, எதிரியின் வழிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போவதில் நிறைவு காண்கிறவருக்கு நம் ஆடுபுலி ஆட்டமே ஏற்றது. அதில் ஏழு க்ஷேமப் புள்ளிகள் இருப்பதால், புதியவர் ஆட்டுக்காரராக இருந்தாலும் மானமாகத் தப்பிப் பிழைக்க முடியும்; கீழேயிருந்து மதில் எழுப்பும் கிரமத்தை ஒரு பாட்டி பேரனுக்கு ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிடலாம். அதே சமயம், அந்தக் கிரமம் தெரிந்த ஆட்டுக்காரருக்கு எதிரே புலியாக உட்காருவது நான் அறிந்தவரையில் கடினமான வேலைகளில் ஒன்று. கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். இறங்குவதா, காத்திருப்பதா என்ற அந்த நிர்ணயத்தைப் பாக்சாலின் எட்டுக் கோடுகள் கற்றுத்தர மாட்டா.

சமமற்ற இருவர், உதாரணமாகப் பெரியவரும் சிறுவரும், ஆட உட்கார்ந்தால் தரப்பைத் தேர்ந்தெடுத்தே ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யலாம். பாக்சாலானால் சிறுவரிடம் புலியைக் கொடுங்கள். ஆடுபுலி ஆட்டமானால் ஆடுகளைக் கொடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, குழந்தைக்கு ஆட்டத்தில் ருசியில்லை என்று முடிவு கட்டுகிற பெற்றோர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாயிருக்கிறது. புலி என்றால் பலசாலி, ஆகையால் குழந்தையிடம் புலியைக் கொடுப்போம் என்ற எண்ணம் ஒரு பலகையில் சரி, மற்றொன்றில் தவறு.

யாருக்கும் பொருந்தாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்பவருக்கு நம் ஆட்டம் ஏற்றதல்ல. பதினைந்து ஆடும் நஷ்டமின்றி ஏறி, புலிகளும் துணியாமல் மேலேயே உலாவினால், இருதரப்பும் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே காலம் கழிக்கும். பாக்சாலில் ஒரு முறை வந்த நிலையைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்ற விதியை வைத்து இந்தச் சுழலை அறுக்கிறார்கள். நம்மவர்களும் அந்த விதியை இரவல் வாங்கிக்கொண்டால் தவறொன்றுமில்லை. அப்படி ஆடும்போது, ஆடுகள் வேறு வழியில்லாமல் மதிலை விட்டு வெளியேறியாக வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. அவ்வளவு நேரமும் மேலே காத்திருந்த புலிக்கு அப்போதுதான் முதல் வெட்டு கிடைக்கிறது. இரண்டு பலகைகளிலும் ஒரு முறை ஆடி முடித்ததும் தரப்பை மாற்றிக்கொண்டு மறுமுறை ஆடுங்கள். இருவரும் புலியாக இருந்து வெட்டிய ஆடுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு வெற்றியைத் தீர்மானித்தால், எந்தத் தரப்புக்குப் பலம் அதிகம் என்ற வழக்கே எழாது. காய்களுக்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். பாக்சால் கட்டத்தை ஒரு காகிதத்தில் கீறிக்கொள்ளும்போது மட்டும், மூலைவிட்டக் கோடுகள் எல்லாப் புள்ளிகளிலும் அல்ல, ஒன்று விட்டு ஒன்றில்தான் வரவேண்டும் என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையிலும் மையத்திலும் அவை இருக்க வேண்டும், மூலையை ஒட்டிய விளிம்புப் புள்ளியில் இருக்கக் கூடாது.